ஆறு டப்பா முறுக்கு, பத்துக் கிலோ கட்டணம்

சுங்கை பட்டாணியில் இருக்கும் என் சின்னம்மா, கடந்த மூன்று ஆண்டுகளாகத் தீபாவளிக்கு முறுக்கு சுட்டு விற்கிறார். முதலில் அக்கம்பக்கத்தாருக்கு மட்டும்தான் விற்றார். பிறகு சபாவில் பணியாற்றும் கெடாவைச் சேர்ந்த ஆசிரியர்கள் சிலர், வீட்டு முறுக்கு வேண்டும் என்று வாட்சாப்பில் கேட்கத் தொடங்கினார்கள். ஒருவர் வாங்கியதைப் பார்த்து இன்னொருவர் கேட்க, நான்கு பேருக்குத் தலா ஆறு டப்பா அனுப்ப வேண்டியதாயிற்று.

சின்னம்மா கணக்கில் கெட்டிக்காரர். சமையலறைத் தராசில் பெட்டியை நிறுத்தார். 3.1 கிலோ. கூரியர் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அந்த எடையைப் பதிந்தபோது 4 கிலோவுக்கான கட்டணம் 49 வெள்ளி என்று வந்தது. வாங்குபவரிடம் 50 வெள்ளி கேட்டார். ஒரு டப்பா 18 வெள்ளி, ஆறு டப்பா 108 வெள்ளி, அனுப்பும் செலவு 50 வெள்ளி, ஆக மொத்தம் 158 வெள்ளி. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஒரு வாரம் கழித்து, அவருடைய கூரியர் கணக்கில் இருந்த பணத்திலிருந்து ஒவ்வொரு பொட்டலத்துக்கும் மேலும் 66 வெள்ளி பிடிக்கப்பட்டிருந்தது. காரணம் என்ற இடத்தில் ஒரே வரி: கட்டண எடை 10 கிலோ.

"மூணு கிலோ முறுக்கு எப்படிம்மா பத்து கிலோவாகும்? வழியில வளர்ந்திருச்சா?" என்று விடுமுறையில் வீட்டுக்கு வந்த என்னிடம் கேட்டார். ஒரு பொட்டலத்துக்கு மொத்தம் 115 வெள்ளி கூரியருக்குப் போனது. உள்ளே இருந்த முறுக்கின் விலையே 108 வெள்ளிதான். கையில் மிஞ்சியது 43 வெள்ளி, அதாவது டப்பாவுக்கு ஏழு வெள்ளிக்குச் சற்று மேல். மாவு, எண்ணெய், எரிவாயு, டப்பா எல்லாம் சேர்த்து அவருக்கு ஆகும் செலவே ஒன்பது வெள்ளி.

நிறுவனம் ஏமாற்றவில்லை. அவர்களுடைய விதிமுறையில் எல்லாம் எழுதித்தான் இருந்தது. எடையும் தூரமும் தெரிந்தால் கட்டணம் தெரிந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அந்தக் கட்டணம் மூன்று படிக்கட்டுகளைக் கடந்து வருகிறது. ஒவ்வொன்றாக ஏறிப் பார்ப்போம். இங்கே நான் தரும் வெள்ளிக் கணக்குகள், புரிந்துகொள்ள எளிதாக இருக்கும்படி நானே அமைத்த மாதிரிக் கட்டணங்கள். ஒவ்வொரு நிறுவனத்திலும் எண்கள் மாறும், ஆனால் கணக்கிடும் முறை பெரும்பாலும் இதுதான்.

முதல் படி: எடையா, இடமா?

கூரியர் வேன் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதற்குள் 5 கன மீட்டர் இடம் இருக்கிறது, அது 1000 கிலோ எடையைத் தாங்கும். அரிசி மூட்டைகளை ஏற்றினால், இடம் நிறைவதற்கு முன்பே எடை எல்லையைத் தொட்டுவிடும். சின்னம்மா பயன்படுத்திய பெட்டிகளை ஏற்றினால் என்ன ஆகும்? கடையில் கிடைத்த அந்த அட்டைப்பெட்டியின் நீளம் 45 செண்டிமீட்டர், அகலம் 35, உயரம் 30. ஏறத்தாழ 105 பெட்டிகளில் வேன் நிரம்பிவிடும். ஆனால் அவற்றின் மொத்த எடை 330 கிலோவைக்கூட எட்டாது. எடைக்கு மட்டும் கட்டணம் வாங்கினால், நிறுவனம் மூன்றில் ஒரு பங்கு வருமானத்துக்கு முழு வேனையும் ஓட்ட வேண்டும்.

இதைச் சமாளிக்கத்தான் கனஅளவு எடை என்ற கணக்கு வந்தது. பில்லில் இதை 'வால்யூமெட்ரிக் வெயிட்' என்று போட்டிருப்பார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் செண்டிமீட்டரில் அளந்து பெருக்க வேண்டும். வரும் விடையை 5000 ஆல் வகுத்தால் கிலோவில் ஓர் எடை கிடைக்கும். அதையும் தராசு காட்டும் எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். அதற்குப் பெயர்தான் கட்டண எடை.

சின்னம்மாவின் பெட்டியைக் கணக்கிடுவோம். 45 × 35 × 30 = 47,250. இதை 5000 ஆல் வகுத்தால் 9.45 கிலோ. தராசில் 3.1 கிலோ. பெரியது 9.45 என்பதால் அதுவே கணக்கில் வந்தது. முறுக்கு வளரவில்லை, பெட்டிக்குள் இருந்த காற்றும் சேர்ந்து பயணம் செய்திருக்கிறது.

ஏன் 5000? ஒரு கன மீட்டரில் பத்து லட்சம் கன செண்டிமீட்டர் உண்டு. அதை 5000 ஆல் வகுத்தால் 200. அதாவது, 'எங்கள் வண்டியில் ஒரு கன மீட்டர் இடத்தைப் பிடித்தால், குறைந்தது 200 கிலோவுக்கான பணத்தைத் தர வேண்டும்' என்று நிறுவனம் சொல்கிறது. நாம் கற்பனை செய்த வேனும் அப்படித்தான்: 5 கன மீட்டருக்கு 1000 கிலோ. விமானச் சரக்கில் 6000 ஆல் வகுப்பது நீண்ட கால வழக்கம். பெரிய அனைத்துலகக் கூரியர் நிறுவனங்கள் 5000 ஆல் வகுக்கின்றன. உள்நாட்டு நிறுவனங்களில் இரண்டும் உண்டு. இதே பெட்டியை 6000 ஆல் வகுத்தால் 7.875 கிலோதான் வரும். ஆகவே இரண்டு நிறுவனங்களின் கட்டணத்தை ஒப்பிடும்போது, ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் போதாது. எந்த எண்ணால் வகுக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

உங்கள் பொருள் எந்தப் பக்கம் சேரும் என்பதை அளவுநாடா இல்லாமலே ஊகிக்கலாம். 5000 கன செண்டிமீட்டர் என்பது 5 லிட்டர். ஐந்து லிட்டர் இடத்தை அடைக்கும் பொருள் ஒரு கிலோவுக்குக் குறைவாக இருந்தால், நீங்கள் இடத்துக்குப் பணம் கட்டுகிறீர்கள். முறுக்கு, பூமாலை, தலையணை, பொம்மை எல்லாம் இந்தப் பக்கம். பாடநூல்கள், அரிசி, ஊறுகாய்ப் போத்தல் எல்லாம் எடைப் பக்கம்.

இரண்டாவது படி: முழு எண்ணுக்கு ஏற்றுவது

9.45 கிலோ எப்படி 10 கிலோ ஆனது? கட்டண அட்டவணையில் 9.45 என்று ஒரு வரிசை கிடையாது. 1 கிலோ, 2 கிலோ, 3 கிலோ என்று படிகள்தான் இருக்கும். சில நிறுவனங்களில் அரைக் கிலோ படிகள் இருக்கும். இரண்டு படிகளுக்கு நடுவில் நின்றால், மேல் படிக்குத்தான் பணம். பள்ளியில் படித்தது போல 0.5 க்குக் கீழ் இருந்தால் குறைப்பது என்ற வழக்கம் இங்கே இல்லை. 6.02 கிலோ என்றாலும் அது 7 கிலோதான்.

இதனால் ஒரு வேடிக்கை நடக்கிறது. படியின் ஓரத்தில் நிற்கும் பொட்டலத்துக்கு ஒரு செண்டிமீட்டர்கூடப் பெரிய விஷயம். சின்னம்மாவின் ஆறு டப்பாவுக்குப் பொருத்தமான பெட்டியை நாங்கள் பிறகு தேடிப் பிடித்தோம். 42 × 29 × 23 செண்டிமீட்டர். பெருக்கினால் 28,014. 5000 ஆல் வகுத்தால் 5.60, அதாவது 6 கிலோ. முதல் பெட்டியைவிட நான்கு கிலோ குறைந்துவிட்டது. உள்ளே இருப்பது அதே ஆறு டப்பாதான்.

ஆனால் அதே பெட்டியில் பபள் ரேப்பை அளவுக்கு மீறித் திணித்து, மூடி மேலே எழும்பி, பக்கங்கள் புடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? நிறுவனத்தின் பிரிப்பு மையத்தில் பெட்டியை அளக்கும் கருவி, அட்டையில் அச்சிட்ட அளவைப் படிப்பதில்லை. பெட்டி எங்கே அதிகமாகத் துருத்திக்கொண்டிருக்கிறதோ, அந்த இடத்தைத்தான் அளக்கிறது. மூன்று பக்கமும் ஒரு செண்டிமீட்டர் கூடினால் 43 × 30 × 24 = 30,960. வகுத்தால் 6.19. கட்டண எடை 7 கிலோ. சபாவுக்கு அனுப்பினால், அந்தப் புடைப்பின் விலை மட்டும் 11 வெள்ளி.

ஆகவே பெட்டியைக் கட்டி, டேப் ஒட்டி முடித்த பிறகுதான் அளக்க வேண்டும். மிகவும் புடைத்திருக்கும் இடத்தில் அளவுநாடாவை வைக்க வேண்டும். அரைச் செண்டிமீட்டர் வந்தால் அதை முழு செண்டிமீட்டராக எழுதிக்கொள்ள வேண்டும். நாம் எழுதிய அளவும் அவர்கள் அளந்த அளவும் ஒன்றாக இருந்தால், ஒரு வாரம் கழித்து வரும் அதிர்ச்சி வராது. அதோடு, அளவுநாடாவை வைத்தபடி ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், அவர்கள் அளந்ததில் தவறு இருக்கும்போது கேட்பதற்கு நம்மிடம் ஆதாரம் இருக்கும்.

மூன்றாவது படி: வட்டாரம்

இனி தூரத்துக்கு வருவோம். உள்நாட்டுக் கூரியர் அட்டவணைகளில் கிலோமீட்டர் கணக்கு பெரும்பாலும் இருக்காது. வட்டாரம்தான் இருக்கும். தீபகற்ப மலேசியாவிலிருந்து அனுப்புபவருக்கு அது பொதுவாக நான்காகப் பிரியும். நமது மாதிரி அட்டவணை இப்படி:

ஒரே நகருக்குள்: முதல் கிலோ 6 வெள்ளி, அடுத்த ஒவ்வொரு கிலோவுக்கும் 1 வெள்ளி.
தீபகற்பத்துக்குள்: முதல் கிலோ 8 வெள்ளி, அடுத்த ஒவ்வொரு கிலோவுக்கும் 2 வெள்ளி.
தீபகற்பத்திலிருந்து சரவாக்: முதல் கிலோ 14 வெள்ளி, அடுத்த ஒவ்வொரு கிலோவுக்கும் 10 வெள்ளி.
தீபகற்பத்திலிருந்து சபா: முதல் கிலோ 16 வெள்ளி, அடுத்த ஒவ்வொரு கிலோவுக்கும் 11 வெள்ளி.

இப்போது சின்னம்மாவின் 115 வெள்ளி எப்படி வந்தது என்று பார்க்கலாம். 10 கிலோ என்றால் முதல் கிலோ 16, மீதி ஒன்பது கிலோவுக்கு 99. மொத்தம் 115. சிறிய பெட்டியில் 6 கிலோ என்றால் 16 உடன் 55 சேர்ந்து 71 வெள்ளி. வெறும் அட்டைப்பெட்டியை மாற்றியதில் 44 வெள்ளி மிச்சம். அதே பெரிய பெட்டி தீபகற்பத்துக்குள் போயிருந்தால் 26 வெள்ளி, சிறிய பெட்டி 18 வெள்ளி. வித்தியாசம் எட்டு வெள்ளிதான். சின்னம்மா இரண்டு ஆண்டுகளாக ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் அதே பெரிய பெட்டியில் அனுப்பிவந்திருக்கிறார். அங்கேயும் கூடுதல் பணம் பிடித்துத்தான் இருப்பார்கள். சிறு தொகை என்பதால் அவர் கவனிக்கவில்லை. தொலைவான வட்டாரம் புதிய தவறு எதையும் உண்டாக்கவில்லை. இருந்த தவறைப் பெருக்கிக் காட்டியது, அவ்வளவுதான்.

அட்டவணையை இன்னொரு முறை பாருங்கள். முதல் கிலோவின் விலைக்கும் அடுத்த கிலோவின் விலைக்கும் ஏன் இந்த வித்தியாசம்? முதல் கிலோவின் பணத்தில், பொட்டலத்தை வாங்கிக்கொள்வது, ஒட்டுத்தாள் ஒட்டுவது, பிரிப்பது, ஊழியர் வாசலில் வந்து மணியடிப்பது எல்லாம் அடங்கும். பொட்டலம் சிறியதோ பெரியதோ, இந்த வேலை ஒன்றுதான். அடுத்த கிலோவின் பணம், வண்டியிலோ விமானத்திலோ அது பிடிக்கும் இடத்துக்கானது. ஒரே நகருக்குள் இடத்தின் விலை அற்பம். கடல் தாண்டினால் இடத்தின் விலைதான் எல்லாமே.

இங்கேதான் தூரத்தைப் பற்றிய நமது எண்ணம் சறுக்குகிறது. சுங்கை பட்டாணியிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் சாலை வழியாக ஏறத்தாழ 700 கிலோமீட்டர். ஜொகூர் பாருவிலிருந்து கூச்சிங்குக்கு நேர்கோட்டில் அளந்தாலும் ஏறத்தாழ அதே 700 கிலோமீட்டர்தான். ஆனால் நமது அட்டவணையில் 6 கிலோ பொட்டலத்துக்கு முதல் பயணம் 18 வெள்ளி, இரண்டாவது பயணம் 64 வெள்ளி. முதல் பயணத்தில் ஒரு லாரி, ஓர் ஓட்டுநர், ஓர் இரவு, ஆயிரக்கணக்கான பொட்டலங்கள். இரண்டாவது பயணத்தில் இடையில் தென்சீனக் கடல். லாரியிலிருந்து இறக்கி, விமானத்தில் ஏற்றி, மறுபடி இறக்கி, வேறு லாரியில் ஏற்ற வேண்டும். பொட்டலம் எத்தனை முறை கைமாறுகிறது, எந்த வாகனத்தில் போகிறது என்பதைத்தான் வட்டாரம் சொல்கிறது. கிலோமீட்டர் அதில் ஒரு பகுதி மட்டுமே.

தீபகற்பத்துக்குள் ஒரே விலை என்பதிலும் ஒரு சமரசம் இருக்கிறது. சுங்கை பட்டாணியிலிருந்து அலோர்ஸ்டாருக்கு அனுப்புபவரும் ஜொகூர் பாருவுக்கு அனுப்புபவரும் ஒரே கட்டணம் செலுத்துகிறார்கள். பக்கத்தில் அனுப்புபவர் கொஞ்சம் அதிகமாகக் கொடுத்து, தொலைவில் அனுப்புபவரின் செலவைத் தாங்குகிறார். அட்டவணை எளிமையாக இருக்க வேண்டும் என்றால் இப்படி யாராவது ஒருவர் தாங்கத்தான் வேண்டும்.

வட்டாரம் ஏமாற்றும் இடங்கள்

வட்டாரத்தை முடிவு செய்வது ஊர்ப் பெயர் அல்ல, ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு. அதன் முதல் இரண்டு இலக்கங்களே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். 88 முதல் 91 வரை சபா. 93 முதல் 98 வரை சரவாக். 87 என்றால் லாபுவான். அது சபா மாநிலத்தைச் சேர்ந்தது அல்ல, கூட்டரசுப் பிரதேசம். கோலாலம்பூரும் கூட்டரசுப் பிரதேசம்தானே என்று தீபகற்பக் கட்டணம் வாங்கிவிட்டால் நட்டம்தான். ஏனென்றால் அந்தத் தீவு சபாவின் கரையோரம் இருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு இன்னும் பக்கத்தில் உள்ள உதாரணம் லங்காவி. 07000 என்ற குறியீடு. சுங்கை பட்டாணியும் லங்காவியும் ஒரே கெடா மாநிலம். ஆனால் லங்காவிக்குக் கடலைக் கடக்க வேண்டும். சில நிறுவனங்கள் இதுபோன்ற தீவுகளுக்கும் உட்புறக் கிராமங்களுக்கும் தொலைதூரப் பகுதி என்று தனிக் கட்டணம் சேர்க்கின்றன. ஆகவே 'எந்த ஊர்?' என்று கேட்பதைவிட 'அஞ்சல் குறியீடு என்ன?' என்று கேட்பதுதான் பாதுகாப்பு.

நேர்கோட்டுத் தூரத்தை மட்டும் நம்பி வட்டாரம் பிரித்தால் என்ன நடக்கும் என்பதற்கு, நூறு ஆண்டுக்கு முந்தைய அமெரிக்கக் கதை ஒன்று உண்டு. 1913 ஜனவரி 1 அன்று அமெரிக்க அஞ்சல் துறை பொட்டலச் சேவையைத் தொடங்கியது. வரைபடத்தில் தூரத்தை அளந்து, 50 மைல் வரை முதல் வட்டாரம், 150 மைல் வரை இரண்டாவது வட்டாரம் என்று எட்டு வட்டாரங்களாகப் பிரித்தது. பிறகு, பக்கத்து வட்டாரங்களுக்கு 50 பவுண்டு வரை அனுப்பலாம் என்று எடை வரம்பையும் உயர்த்தியது.

யூட்டா மாநிலத்தில் வெர்னல் என்ற சிற்றூர். 1916 இல் அங்கே ஒரு வங்கிக் கட்டடம் கட்ட, சால்ட் லேக் சிட்டியிலிருந்து செங்கல் வரவழைக்க வேண்டியிருந்தது. வரைபடத்தில் பார்த்தால் இரண்டு ஊர்களுக்கும் இடையே 150 மைலுக்கும் குறைவு, ஆகவே இரண்டாவது வட்டாரக் கட்டணம். ஆனால் நடுவில் மலை. உண்மையான வழி, ரயிலில் கொலராடோ வரை சுற்றிப் போய், குறுகிய தண்டவாள ரயிலுக்கு மாறி, பிறகு சரக்கு வண்டியில் ஏறி வரும் 400 மைலுக்கு மேற்பட்ட பாதை. சாதாரணச் சரக்குக் கட்டணம் அந்த உண்மையான பாதைக்கு ஏற்றபடி இருந்தது. அஞ்சல் கட்டணமோ வரைபடத்தின் நேர்கோட்டுக்கு ஏற்றபடி இருந்தது. கட்டடம் கட்டியவர் கணக்குப் போட்டுப் பார்த்து, செங்கற்களை 50 பவுண்டுப் பொட்டலங்களாகக் கட்டி, பல்லாயிரக்கணக்கில் அஞ்சலில் அனுப்ப வைத்தார். அஞ்சல் நிலையங்கள் செங்கல்லால் நிரம்பின. ஒருவர் இன்னொருவருக்கு ஒரு நாளில் 200 பவுண்டுக்கு மேல் அனுப்பக்கூடாது என்று அஞ்சல் துறை புதிய விதி போட வேண்டியதாயிற்று. வங்கிக் கட்டடம் எழும்பிவிட்டது.

அந்தக் கதையில் அட்டவணைக்கும் உண்மையான பாதைக்கும் இருந்த இடைவெளியின் நட்டத்தை அஞ்சல் துறை தாங்கியது. சின்னம்மாவின் கதையில், அவர் கேட்ட கட்டணத்துக்கும் அட்டவணைக்கும் இருந்த இடைவெளியின் நட்டத்தை அவரே தாங்கினார். விலை போடுபவர் தவறாகப் போட்டால், நட்டமும் அவருக்குத்தான்.

காலி இடத்தில் என்ன வைக்கலாம்?

எங்கள் வீட்டில் பிறகு நடந்தது இது. முதலில் பெட்டியை மாற்றினோம். கட்டண எடை 10 இலிருந்து 6 ஆனது. அதன் பிறகு நான் இன்னொன்றைக் கவனித்தேன். 6 கிலோவுக்குப் பணம் கட்டுகிறோம், தராசிலோ 3.1 கிலோதான். அப்படியென்றால் இன்னும் 2.9 கிலோவைக் கூடுதல் கட்டணம் இல்லாமல் அனுப்பலாம். பெட்டி பெரிதாகக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை.

இடம் எங்கே இருக்கிறது? டப்பாக்கள் வட்டமானவை, பெட்டி செவ்வகம். 13 செண்டிமீட்டர் விட்டமும் 20 செண்டிமீட்டர் உயரமும் கொண்ட ஆறு டப்பாக்களை, மூன்றுக்கு இரண்டு என்று அடுக்கினால் 39 × 26 × 20 செண்டிமீட்டர் இடத்தை அடைக்கும். சதுரத்துக்குள் வட்டம் வரைந்தால், வட்டம் சதுரத்தின் 78.5 விழுக்காட்டைத்தான் நிரப்பும். இது படிவம் மூன்றில் நாம் போட்ட கணக்குத்தான். மீதி 21.5 விழுக்காடு, அதாவது டப்பாக்களுக்கு இடையில் மட்டும் நான்கு லிட்டருக்கு மேல் காலி இடம். அதில் சின்னம்மா இவ்வளவு நாளும் பபள் ரேப்பைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தார்.

"அங்க என்ன வைக்கிறது?" என்று கேட்டார்.

"நீங்க அரைக்கிற மசாலாத் தூள் இருக்கே, சின்னம்மா."

100 கிராம் பாக்கெட்டுகள் எட்டு, இடைவெளிகளில் சொருகி நின்றன. டப்பாக்கள் ஆடாமல் இருக்க அவையே பஞ்சுபோலவும் பயன்பட்டன. தராசில் 3.9 கிலோ. கட்டண எடை அதே 6 கிலோ. ஒரு பாக்கெட் 3 வெள்ளி என்றால், அதே கூரியர் செலவில் 24 வெள்ளிக்குக் கூடுதல் விற்பனை. வாசம் முறுக்கில் ஏறாமல் இருக்க, பாக்கெட்டுகளை இரண்டு அடுக்கு உறையில் போட்டு ஒட்டினோம். பக்கங்களிலும் மேலேயும் மட்டும் பபள் ரேப்பை வைத்தோம். மேலே திணித்தால் மூடி புடைக்கும் என்பதால் அதையும் ஒரே சுற்றோடு நிறுத்திக்கொண்டோம்.

பிறகு, கணினியில் ஒரு சிறிய கணக்குத்தாள் போட்டுக் கொடுத்தேன். முதல் வரி கட்டண எடையைத் தரும். இரண்டாவது வரி, அந்த எடை A1 கட்டத்தில் இருக்கும்போது சபாவுக்கான கட்டணத்தைத் தரும்.

```
=CEILING(MAX(3.9, 42*29*23/5000), 1)
=16+(A1-1)*11
```

MAX என்பது இரண்டு எடையில் பெரியதை எடுக்கும். CEILING என்பது அதை மேல் படிக்கு ஏற்றும். மூன்று படிக்கட்டுகளும் இந்த இரண்டு வரிகளுக்குள் இருக்கின்றன. வேறு வட்டாரத்துக்கு 16, 11 என்ற எண்களை மாற்றினால் போதும். 6000 ஆல் வகுக்கும் நிறுவனம் என்றால் 5000 ஐ மாற்றலாம். அரைக் கிலோ படி என்றால் முதல் வரியின் கடைசியில் இருக்கும் 1 ஐ 0.5 ஆக்கி, இரண்டாவது வரியையும் அந்த நிறுவனத்தின் அரைக் கிலோ விலைக்கு ஏற்ப மாற்ற வேண்டும். நிறுவனம் எரிபொருள் கூடுதல் கட்டணமும் சேவை வரியும் தனியாகச் சேர்த்தால், அவற்றை இந்த விடைக்கு மேல் போட வேண்டும். அட்டவணையில் உள்ள விலை அவற்றையும் உள்ளடக்கியதா என்பதை முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. எவ்வளவு நெருக்கமாக அடுக்கினாலும், சபாவுக்கு ஆறு டப்பா அனுப்ப 71 வெள்ளி ஆகத்தான் செய்யும். கப்பல் வழியாக அனுப்பினால் மலிவு. அங்கே ஒரு கன மீட்டரையும் 1000 கிலோவையும் சமமாக வைத்துக் கணக்கிடுவது வழக்கம், எனவே இலேசான பொருளுக்கு அங்கேயும் இடத்தை வைத்துத்தான் கட்டணம். ஆனால் பல நிறுவனங்கள் குறைந்தபட்சமாக ஒரு கன மீட்டருக்குக் கட்டணம் வாங்குகின்றன. எங்கள் பெட்டிகளில் 36 சேர்ந்தால்தான் ஒரு கன மீட்டர் வரும். நான்கு ஆசிரியர்களுக்காக அது முடியாது.

ஆகவே சின்னம்மா அந்த நால்வருக்கும் உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினார். போன முறை தவறாகக் கணக்கிட்டது தன் பிழை, அந்தப் பணத்தைக் கேட்கப்போவதில்லை, இனி சபாவுக்கு அனுப்பும் செலவு 71 வெள்ளி என்று சொன்னார். இருவர், இவ்வளவு கட்டணம் கட்டுப்படியாகாது, ஊருக்கு வரும்போது வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். மற்ற இருவர் ஒரே பள்ளியில் வேலை செய்பவர்கள். இரண்டு பெட்டி தனித்தனியாகப் போனால் 142 வெள்ளி. பன்னிரண்டு டப்பாவை ஒரே பெட்டியில் இரண்டு அடுக்காக வைத்தால் 42 × 29 × 43, அதாவது 10.47, கட்டண எடை 11 கிலோ, கட்டணம் 126 வெள்ளி. ஆளுக்கு 63 வெள்ளி.

அந்தப் பெரிய பெட்டியைக் கட்டி முடித்ததும், நான் கேட்பதற்கு முன்பே சின்னம்மா அளவுநாடாவை எடுத்தார். மூடியின் நடுவில் வைத்துப் பார்த்தார். 44 காட்டியது. 42 × 29 × 44 என்றால் 10.72, அப்போதும் 11 கிலோதான். இருந்தும் டேப்பைப் பிரித்து, மேலே இருந்த பபள் ரேப்பில் பாதியை வெளியே எடுத்து, மறுபடி ஒட்டினார்.

"எதுக்கு ஓரத்துல நிக்கணும்?" என்றார்.